'ம்' என்று பதில் வந்தால் நாசிலை எடுக்காதீர்கள்

பெட்ரோல் பங்க்கில் வண்டி வந்து நின்றதும் சொல்லும் முதல் வார்த்தைகளுக்கு நான்கைந்து நொடிதான் கிடைக்கும். அதற்குள் வணக்கம் சொல்ல வேண்டும், என்ன எரிபொருள், எவ்வளவு என்று உறுதி செய்ய வேண்டும், ஏர் பார்க்க வேண்டுமா என்றும் கேட்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை ஒரே வாக்கியமாக மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறார்கள். "வணக்கம் சார், பெட்ரோல்தானே, ஏர் செக் பண்ணணுமா?" என்று மூச்சு விடாமல் சொல்லி முடிக்கிறார்கள். வண்டிக்காரர் "ம்" என்கிறார். அந்த 'ம்' எதற்கு? பெட்ரோலுக்கா, ஏருக்கா, வணக்கத்துக்கா? யாருக்கும் தெரியாது. பங்க்கில் நடக்கிற தகராறுகளில் பெரும்பகுதி இந்த ஒற்றை எழுத்திலிருந்துதான் தொடங்குகிறது.

'பெட்ரோல்தானே' என்ற கேள்வியே கோளாறானது. அதில் பதிலை நாமே சொல்லிவிடுகிறோம், எதிரில் இருப்பவர் தலையாட்டினால் போதும். காரோட்டி வருகிறவர் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருப்பார், பின்சீட்டில் குழந்தை அழுதுகொண்டிருக்கும், பர்ஸைத் தேடிக்கொண்டிருப்பார். காதில் விழுந்ததும் விழாததுமாகத் தலை ஆடும். "பெட்ரோலா, டீசலா?" என்று கேட்பது அதைவிட மேல், ஏனென்றால் தலையாட்டி அதற்குப் பதில் சொல்ல முடியாது. "என்ன போடணும் சார்?" என்று கேட்பது எல்லாவற்றையும்விட மேல். எரிபொருளின் பெயரை அவர் வாயாலேயே சொல்லியாக வேண்டும். அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் கை நாசிலுக்குப் போக வேண்டும். "டீசல், ரெண்டாயிரத்துக்கு. சரிங்களா சார்?" அவ்வளவுதான். இந்தத் திருப்பிச் சொல்லுதலுக்கு இரண்டு நொடி ஆகும்.

எப்படி அழைப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் சார், மேடம் என்றால் யாருக்கும் உறுத்தாது. மதுரைப் பக்கம் அண்ணே, கோவைப் பக்கம் ஏனுங்கண்ணா, வயதானவர் என்றால் ஐயா, அம்மா. இப்போது பல பங்க்குகளில் பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் அண்ணா, அக்கா என்று அழைப்பதும் வண்டிக்காரர் "ஏம்மா, ஐநூறுக்குப் போடும்மா" என்பதும் சகஜம். அழைக்கும் சொல் எதுவானாலும் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பார்வை டிஸ்ப்ளேயிலும் வாய் வணக்கத்திலும் இருந்தால் வண்டிக்காரரும் உங்களைப் பார்க்க மாட்டார், நீங்கள் கேட்டதும் அவர் காதில் ஏறாது.

எரிபொருளை இவ்வளவு அழுத்தமாகக் கேட்க வேண்டியதன் காரணத்துக்கு இன்னோவாவே நல்ல உதாரணம். நம் சாலைகளில் ஓடுகிற இன்னோவாக்களில் மிகப் பெரும்பாலானவை டீசல். பங்க்கில் பல வருடம் நின்றவருக்கு இன்னோவா என்றாலே கை தானாக டீசல் நாசிலுக்குப் போகும். ஆனால் இன்னோவா ஹைக்ராஸ் பெட்ரோல் வண்டி. டீசலில் அது வருவதே இல்லை. இன்னோவா க்ரிஸ்டாவிலும் பெட்ரோலில் ஓடும் பழைய வண்டிகள் உண்டு. க்ரெட்டா, வென்யூ, நெக்ஸான், தார் போன்றவையும் இரண்டிலும் வருகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பழைய ஸ்விஃப்ட், டிசையர் வண்டிகளில் டீசல் ஏராளம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு அவற்றைத் தயாரிக்கும் மாருதி நிறுவனம் டீசலையே நிறுத்திவிட்டது. ஆகவே ஒரே பெயரில் பழையது டீசலாகவும் புதியது பெட்ரோலாகவும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நிற்கும். வண்டியின் பெயரைப் பார்த்து முடிவு செய்கிற பழக்கம் ஒரு காலத்தில் வேலையைச் சுலபமாக்கியது, இப்போது அதுவே ஆபத்து.

வண்டி உள்ளே நுழையும்போதே ஒரு அடையாளத்தைப் பார்த்துக்கொள்ளலாம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் முன் கண்ணாடியில் பதிவு எண் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். பெட்ரோல், சிஎன்ஜி வண்டிகளுக்கு அது வெளிர்நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. சிலர் கிழித்திருப்பார்கள், சில ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்திருக்கும், அதனால் இதை மட்டும் நம்பக் கூடாது. ஆனால் வாயால் சொன்னதும் ஸ்டிக்கரின் நிறமும் பொருந்தவில்லை என்றால் கையை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை கேட்க அது போதுமான காரணம். டேங்க் மூடியைத் திறந்ததும் மூடியிலோ அதன் உட்புறத்திலோ டீசல் என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வாடகைக்கு எடுத்த வண்டி, நண்பனிடம் இரவல் வாங்கிய வண்டி, புது டிரைவர் ஓட்டிவரும் வண்டி என்றால் ஓட்டுபவருக்கே சரியாகத் தெரியாமல் இருக்கலாம். அவர் ஒரு கணம் தயங்கினாலே மூடியைப் பார்த்துவிடுவது நல்லது.

தவறு எந்தப் பக்கம் நடந்தால் அதிக நஷ்டம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் நாசிலின் மூக்கு பொதுவாக மெலிந்தது. அது டீசல் காரின் வாயில் எந்தத் தடையும் இல்லாமல் நுழைந்துவிடும். டீசல் நாசில் தடிமனாக இருக்கும் இடங்களில் அது பெட்ரோல் காரின் வாயில் இடிக்கும், அந்த இடிப்பே ஒரு எச்சரிக்கை. நாசில் சரியாக உட்காராதபோது அழுத்தித் திணிக்காமல், ஏன் உட்காரவில்லை என்று பாருங்கள். கெடுதல் அதிகமான தவறுக்குத்தான் எந்தத் தடையும் இல்லை என்பது வருத்தமான விஷயம். டீசல் எரிவதோடு நிற்பதில்லை, எஞ்சினுக்கு எரிபொருளைத் தள்ளும் உயரழுத்த பம்ப்புக்கு மசகாகவும் அதுதான் வேலை செய்கிறது. பெட்ரோலில் அந்த வழுவழுப்பு இல்லை. பெட்ரோல் கலந்து ஓடினால் பம்ப்பின் உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசித் துகள் உதிரும், அந்தத் துகள் இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும். பிறகு பம்ப், எரிபொருள் ரெயில், இன்ஜெக்டர் என்று மொத்தமாக மாற்ற வேண்டி வரும். பெட்ரோல் காரில் டீசல் போனால் எஞ்சின் முக்கி முனகும், வெள்ளைப் புகை தள்ளும், நின்றுவிடும். அதுவும் செலவுதான், ஆனால் பெரும்பாலும் சுத்தம் செய்வதோடு முடியும்.

தப்பித்தவறி நடந்துவிட்டால் முதலில் சொல்ல வேண்டியது: "சார், வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க, சாவியவே தொடாதீங்க." பல வண்டிகளில் இக்னிஷனை ஆன் செய்தாலே டேங்கினுள் இருக்கும் பம்ப் ஓட ஆரம்பித்து, தவறான எரிபொருளை முன்னே தள்ளிவிடும். எஞ்சின் ஓடாதவரை சிக்கல் டேங்கோடு நிற்கிறது. மெக்கானிக் வந்து டேங்கை வடித்து, ஃபில்டரைப் பார்த்து, சரியான எரிபொருள் ஊற்றினால் வண்டி கிளம்பிவிடும். மேனுவல் கியர் வண்டியை நியூட்ரலில் தள்ளி ஓரம் கட்டலாம். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளுவது பெரும் தொல்லை. அந்த நாசிலுக்கு முன்னால் கோன் வைத்து அடைத்துவிட்டு, மெக்கானிக் வரும்வரை வண்டியை அங்கேயே விடுவது மேல். "கொஞ்சந்தான் போயிருக்கு, மேல டீசல ரொப்பிட்டா சரியாயிடும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். வடித்த கலப்பு எரிபொருளை பங்க்கின் நிலத்தடி டேங்கில் மட்டும் எக்காரணம் கொண்டும் திருப்பி ஊற்றக் கூடாது.

தொகையில் வேறு மாதிரித் தவறு நடக்கும். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, பக்கத்தில் லாரி இரைச்சலோடு வரும் குரலில் கடைசி ஒலி மட்டும்தான் கேட்கும். முந்நூறா, எண்ணூறா, இருநூறா? எல்லாமே 'நூறு' என்று முடிகின்றன. "அஞ்சு" என்றால் ஐந்து லிட்டர், "ஐநூறு" என்றால் ரூபாய். இரண்டும் காதுக்கு நெருக்கம், காசில் அதுவும் இதுவும் ஒன்றுபோல் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. மெஷினின் கீபோர்டில் ரூபாய்க்கு ஒரு பொத்தான், லிட்டருக்கு ஒரு பொத்தான் இருக்கும். ஐநூறு என்று அடித்துவிட்டு லிட்டர் பொத்தானை அழுத்தினால் மெஷின் ஐநூறு லிட்டருக்குத் தயாராகிவிடும், ஐநூறு ரூபாயில் நிற்காது. ஆகவே திருப்பிச் சொல்லும்போது அலகையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "ஐநூறு ரூபாய்க்கு பெட்ரோல். ஜீரோ பாத்துக்கோங்க."

'ஜீரோ பாத்துக்கோங்க' என்பதை வெறும் சடங்காகச் சொல்கிறவர்கள் அதிகம். வண்டிக்காரரின் பார்வை டிஸ்ப்ளேயில் பட்ட பிறகு ட்ரிக்கரை அழுத்துங்கள். பங்க் பற்றிய சந்தேகங்களில் மிகப் பழையது இதுதான்: ஐநூறு கேட்டவருக்கு இருநூறில் நிறுத்திவிட்டு, "ஓ, ஐநூறா?" என்று ஜீரோவுக்குப் போகாமல் இருநூறிலிருந்து முந்நூறு வரை மட்டும் ஓட்டிவிட்டு ஐநூறு வாங்குவது, அல்லது ஜீரோ செய்துவிட்டுத்தான் அந்த முந்நூறை ஓட்டினார்களா என்று அவருக்குப் புரியாமல் போவது. நாணயமாக வேலை செய்பவரும் தொகையைத் தவறாகக் கேட்டுவிட்டால் இதே சந்தேகத்தில் மாட்டிக்கொள்வார். அப்படி இருநூறில் நின்றுவிட்டால், மேலே போடும் முன் டிஸ்ப்ளேயைக் காட்டி, "இருநூறு போயிருக்கு சார், இன்னும் முந்நூறு போடறேன், மறுபடி ஜீரோவுல இருந்து" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். முடிந்ததும் இரண்டு பில்லையும் சேர்த்துக் கொடுங்கள்.

விலை கூடிய எரிபொருளை முதல் வாக்கியத்தில் நுழைக்காதீர்கள். எக்ஸ்பி95, ஸ்பீட், பவர் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒன்று வைத்திருக்கிறது, விற்கச் சொல்லி மேலிருந்து நெருக்கடியும் இருக்கும். "வணக்கம் சார், ஸ்பீட் போட்டுடலாமா?" என்று கேட்டு, அவர் தலையாட்டி, பில் பார்த்த பிறகு "நான் சாதாதானே கேட்டேன்" என்றால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வர மாட்டார். அவர் "பெட்ரோல்" என்று சொன்னால் அது சாதா பெட்ரோல். விலை கூடியதைச் சொல்ல வேண்டுமென்றால் அதன் லிட்டர் விலையையும் சேர்த்து, தனி வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இனி ஏர். இதை எரிபொருள் கேள்வியோடு ஒட்டிச் சொல்வதுதான் பெரிய பிழை. நாசில் உள்ளே போகும்வரை அவருடைய கவனம் ஒரே விஷயத்தில் இருக்கட்டும். ஏர் பற்றிக் கேட்கும் நேரம் வண்டிக்கு வண்டி மாறும். காரில் இருபது முப்பது லிட்டர் போகும்போது அரை நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். நாசிலையும் டிஸ்ப்ளேயையும் விட்டு நகராமல், நின்ற இடத்திலிருந்தே பக்கத்து இரண்டு டயர்களைப் பார்க்கலாம். பைக்கில் இருநூறு ரூபாய்க்குப் போடும்போது பெட்ரோல் சில நொடியில் முடிந்துவிடும். அங்கே ஏர் கேள்வி சில்லறை கொடுக்கும்போதோ, அவர் க்யூஆரை ஸ்கேன் செய்யும்போதோ வர வேண்டும்.

"ஏர் பாக்கணுமா சார்?" என்ற பொதுவான கேள்விக்கு பத்தில் ஒன்பது பேர் "வேணாம்" என்றுதான் சொல்வார்கள். யோசித்துச் சொல்லும் பதில் இல்லை அது. அவசரம், வரிசையில் நிற்க வேண்டுமோ என்ற எண்ணம், காசு கேட்பார்களோ என்ற சந்தேகம் எல்லாம் சேர்ந்த பதில். கண்ணால் பார்த்ததைச் சொன்னால் அதே ஆள் காது கொடுப்பார்: "சார், பின்னாடி லெஃப்ட் டயர் இறங்கின மாதிரி இருக்கு. முன்னாடி ஏர் மெஷின் ஃப்ரீயா இருக்கு, பாத்துட்டுப் போயிடுங்க, காசு கிடையாது." இதில் எந்த டயர், எங்கே போக வேண்டும், எவ்வளவு செலவு என்று மூன்றுக்கும் பதில் இருக்கிறது. பங்க்கில் சாதாரண ஏர் இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. நைட்ரஜனுக்குத்தான் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். நைட்ரஜனைக் காட்டி இரண்டுக்கும் காசு என்ற எண்ணம் வரும்படி பேசக் கூடாது.

ஆனால் கண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இன்றைய ரேடியல் டயரின் பக்கம் இயல்பாகவே கொஞ்சம் புடைத்துத்தான் இருக்கும். 33 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்க வேண்டிய டயரில் 27 இருந்தால் வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகம் அமுங்கியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பயன் தரும். எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை என்றால் இல்லாததைச் சொல்லாமல், "ஏர் பாத்து ஒரு மாசம் ஆயிருந்தா பாத்துட்டுப் போங்க சார்" என்று சொல்லலாம். நல்ல டயரும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இழக்கும் என்பதால் அது உண்மையான காரணம்.

ஏர் மெஷினிடம் வந்த பிறகு அடுத்த கேள்வி, எவ்வளவு வைக்க வேண்டும் என்பது. "நீங்களே வைங்க தம்பி" என்பார்கள். வைக்காதீர்கள். காரில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுத் தூணிலோ விளிம்பிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி எண், ஆள் குறைவாக இருந்தால் ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று என்று போட்டிருக்கும். பெரும்பாலான கார்களில் அது 30 முதல் 36-க்குள் வரும். பைக்கில் செயின் கவரிலோ ஸ்விங் ஆர்ம் பக்கத்திலோ ஒட்டியிருப்பார்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி: "சிங்கிளா, டபுள்ஸா?" சாதாரண பைக்கில் முன் டயருக்கு 25 ஒட்டியும், பின் டயருக்கு ஒருவர் போனால் 28, 29 என்றும், இருவர் போனால் அதைவிடக் கூடுதலாகவும் சொல்லியிருப்பார்கள். இரண்டு டயருக்கும் ஒரே எண் வைப்பது பங்க்குகளில் பரவலாக நடக்கிற தவறு. முன் டயர் கல்லாகி மணலில் வழுக்கும், பின் டயர் பாரத்தில் அமுங்கிச் சூடேறும். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து வைப்பது அதைவிடப் பெரிய தவறு. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, இந்த வண்டிக்கு வேண்டிய அளவு அல்ல.

நெடுஞ்சாலைப் பங்க்கில் அடிக்கடி தவறாகப் போகிற ஒன்றை முழுதாகப் பார்ப்போம். மதியம் இரண்டு மணிக்கு ஒரு கார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்திருக்கிறது, உள்ளே ஐந்து பேர், மேலே சாமான். கதவு ஸ்டிக்கரில் நான்கு டயருக்கும் 33. மெஷினை மாட்டி முதலில் அளவை மட்டும் பார்த்தால் முன் இரண்டும் 36, பின் வலது 35, பின் இடது 27. இந்த இடத்தில் மெஷினில் 33 என்று செட் செய்து நான்கிலும் மாட்டினால் என்ன ஆகும்? டிஜிட்டல் மெஷின் குறைவான டயரை நிரப்பும், கூடுதலாக இருப்பதை இறக்கிவிடும். நல்ல நிலையில் இருந்த மூன்று டயரும் காற்றை இழக்கும்.

ஸ்டிக்கரில் இருக்கும் 33 குளிர்ந்த டயருக்கானது, அதாவது சில மணி நேரம் நின்ற வண்டி அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் ஓடிய வண்டி. ஓடும்போது டயர் சூடாகி உள்ளே காற்றின் அழுத்தம் ஏறும். காலையில் 30 டிகிரியில் 33 வைத்த டயர் 50 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 36 காட்டும். ஆக 36 காட்டிய டயர் சரியாகத்தான் இருக்கிறது. அதை 33-க்கு இறக்கினால், இரவு குளிர்ந்த பிறகு 30-தான் மிஞ்சும். மறுநாள் அதே பாரத்தோடு, அதே வேகத்தில், மூன்று பிஎஸ்ஐ குறைந்த டயரில் அந்தக் குடும்பம் போகும். குறைந்த காற்றில் டயரின் பக்கம் அதிகம் மடங்கும், அதனால் இன்னும் சூடேறும். கோடையில் டயர் வெடிப்பதற்கு இது முக்கியக் காரணங்களில் ஒன்று. "வெயில் காலம், காத்தக் கொஞ்சம் கொறச்சு வைங்க" என்று கேட்கிறவர்களிடமும் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். சூட்டுக்கு ஏறும் அழுத்தத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் ஸ்டிக்கரில் எண் போட்டிருக்கிறார்கள்.

எனவே இந்த வண்டியில் முன் இரண்டையும் பின் வலதையும் தொடாமல் விட வேண்டும். பின் இடதை மட்டும், அதே சூட்டில் இருக்கும் மற்ற டயர்களுக்கு இணையாக 35, 36 வரை நிரப்ப வேண்டும். நிரப்பியதோடு வேலை முடியவில்லை. மற்ற மூன்றும் ஒரே அளவில் இருக்க, இது மட்டும் எட்டு ஒன்பது குறைந்திருக்கிறது என்றால் காற்று எங்கோ கசிகிறது. டயரை முக்கால் சுற்று உருட்டி ஆணி, திருகு இருக்கிறதா பாருங்கள். வால்வு வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி வருகிறதா என்று தெரியும். டியூப்லெஸ் டயரில் ஆணி தெரிந்தால் அங்கேயே பிடுங்காதீர்கள். ஆணியே ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும், பிடுங்கினால் பஞ்சர் கடை வரை போவதற்குள் காற்று முழுதும் இறங்கிவிடும். எதுவும் தெரியவில்லை என்றால் சொல்ல வேண்டியது: "சார், இந்த டயர்ல மட்டும் 27 தான் இருந்துச்சு. நிரப்பிட்டேன். அடுத்த டீக்கடையில நிறுத்தும்போது ஒருதடவ பாத்துக்கோங்க, எறங்கியிருந்தா பஞ்சர்தான்." அந்த 27 என்ற எண்ணை அவரிடம் சொல்லாமல் நிரப்பி அனுப்பிவிட்டால், கசிவைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே தடயத்தை நாமே அழித்தது போல் ஆகும். இதனால்தான் மெஷினை மாட்டியதும் செட் பொத்தானுக்குப் போகாமல் முதலில் நான்கையும் அளந்து பார்க்கச் சொல்கிறோம்.

ஸ்டெப்னியையும் கேட்டுவிடுங்கள், ஆனால் சாமான் ஏற்றிய டிக்கியைக் காலி செய்யச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். இப்போது பல கார்களில் ஸ்டெப்னி மெலிந்த தற்காலிக டயராக வருகிறது, அதில் 60 பிஎஸ்ஐ என்று அதன் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். மற்ற டயர் போல 33 வைத்துவிட்டால், தேவைப்படும் நாளில் அது பாதிக் காற்றில் இருக்கும். மேலே சொன்ன 'பக்கச் சுவர் எண்ணைப் பார்க்காதே' என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு.

ஏர் பார்க்கச் சொல்லி அழைக்கிற பங்க்கில் ஏர் மெஷின் ஓட வேண்டும். ஷிப்ட் தொடங்கும்போதே கம்ப்ரஸரை ஆன் செய்து அழுத்தம் ஏறுகிறதா, ஹோஸில் விரிசல் இருக்கிறதா, மெஷின் காட்டும் எண் சரியா என்று பார்த்துவிட வேண்டும். எண் சரியா என்று பார்க்கப் பெரிய வேலை ஒன்றும் தேவையில்லை. நம்பகமான கை கேஜ் ஒன்றை ஆபீஸில் வைத்துக்கொண்டு ஒரே டயரில் இரண்டையும் மாட்டிப் பார்த்தால் போதும். இரண்டுக்கும் இரண்டு பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மெஷினைச் சரிபார்க்க ஆள் கூப்பிட வேண்டும். கம்ப்ரஸர் டேங்கின் அடியில் இருக்கும் குழாயைத் தினமும் காலையில் திறந்து தேங்கிய தண்ணீரை வெளியேற்றுங்கள். கடலோர ஊர்களில் இந்தத் தண்ணீர் வியக்கத்தக்க அளவு சேரும், விட்டால் டயருக்குள்ளேயே போகும். மெஷின் பழுதென்றால் அன்று ஏர் கேள்வியையே கேட்காதீர்கள். அழைத்துவிட்டு, அவர் வண்டியைத் திருப்பி வந்த பிறகு "ஓடலைங்க" என்றால், அடுத்த மாதம் நிஜமாகவே டயர் இறங்கியிருக்கும்போது சொன்னாலும் அவர் நம்ப மாட்டார்.

நெரிசல் நேரம் தனி. மாலை ஆறரைக்கு ஒவ்வொரு நாசிலிலும் பத்து பைக் நிற்கும்போது ஏர் கேள்வியை விடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். டயர் தெளிவாக இறங்கியிருப்பது கண்ணில் பட்டால் மட்டும் "அண்ணா, பின் டயர்ல காத்து இல்ல" என்று ஒரு வார்த்தை. ஆனால் எரிபொருளையும் தொகையையும் திருப்பிச் சொல்வதை அந்த நேரத்தில்தான் விடவே கூடாது. தவறு நடப்பதெல்லாம் அப்போதுதான்.

வண்டியோட்டிகள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கண்ணாடியை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, அவர் கேட்கும் முன்பே முழுதாகச் சொல்லிவிடுங்கள்: "டீசல், ரெண்டாயிரம் ரூபாய்க்கு, ஜிபே." பைக்கில் வந்தால் இறங்கி நின்று, ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொல்லும்போது காது கொடுத்துக் கேளுங்கள். ஏருக்குப் போனால் மெஷின் முதலில் காட்டும் எண்ணை நீங்களும் பாருங்கள். வால்வு மூடிகளைக் கழற்றியவர் திருப்பி மாட்டினாரா என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். நான்கு இருக்க வேண்டும். மூடி இல்லாத வால்வில் மண்ணும் தண்ணீரும் ஏறி, சில மாதத்தில் அந்த டயரே 'அடிக்கடி இறங்குற டயர்' ஆகிவிடும்.